14 குறிப்புகளை மூன்று சொற்களில் கட்டுவது எப்படி?

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம், பெரியவர்கள் கீழே விழாமல் தடுப்பது பற்றி மாதம் ஒருமுறை 40 நிமிடம் பேசுகிறேன். மொத்தம் 14 குறிப்புகள், ஒன்றையும் விட மனம் வரவில்லை. எல்லோரும் கவனமாகத்தான் கேட்கிறார்கள். போன மாதம் பேசி முடித்ததும் இரண்டு பேரிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் "குளியலறை விரிப்பு" என்றார், இன்னொருவர் நான் சொன்ன ஒரு பாட்டியின் கதையை மட்டும் சொன்னார். மூன்றாகப் பிரித்துப் பேசு என்கிறாள் தோழி. "வீடு, உடல், பழக்கங்கள்" என்று பிரித்தும் பேசிவிட்டேன், பெரிய மாற்றம் இல்லை. எங்கே தவறு? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் தோழி சொன்னது சரி. நீங்கள் பிரித்ததிலும் பெரிய தவறு இல்லை. கோளாறு பெயர்களில் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பட்டியலைப் பார்க்காத ஒருவரிடம் "பழக்கங்கள்" என்ற சொல்லை மட்டும் சொல்லி, இதற்குக் கீழே என்னென்ன இருக்கும் என்று கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், நடைப்பயிற்சி, புகைபிடிப்பது என்று ஏதேதோ வரும். "படுக்கையிலிருந்து மெதுவாக எழுவது" வரவே வராது. உங்கள் பேச்சைக் கேட்டவரின் நிலைமையும் மறுநாள் இதுதான். தலைப்பு ஞாபகம் இருக்கும், ஆனால் அது எதையும் உள்ளேயிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வராது. தலைப்பு என்பது கேட்டவர் கையில் நாம் கொடுத்தனுப்புகிற சாவி, அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக இருந்தால் எந்தப் பூட்டையும் திறக்காது.

இதை 1966-இல் டல்விங், பியர்ல்ஸ்டோன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வகைவாரியாக அடுக்கிய சொற்பட்டியலைப் பலருக்கும் வாசித்துக் காட்டி, திரும்பச் சொல்லும் நேரத்தில் பாதிப் பேருக்கு வகைகளின் பெயர்களைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பெயர் கிடைத்தவர்கள் கணிசமாக அதிகச் சொற்களைச் சொன்னார்கள். ஆனால் நமக்கு முக்கியமானது இன்னொன்று. பெயர் கிடைக்காதவர்களும் ஒரு வகையைத் தாங்களாகவே எட்டிவிட்டால், அதற்குள் இருந்த சொற்களை ஏறக்குறைய அதே அளவுக்குச் சொல்லிவிட்டார்கள். அதாவது அவர்கள் கோட்டைவிட்டது தனித்தனிச் சொற்களை அல்ல, முழு வகைகளை. உங்கள் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். 14 குறிப்பும் அவர்கள் தலைக்குள் எங்கோ கிடக்கின்றன, போய்ச் சேர வழிதான் இல்லை.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 14 குறிப்பையும் 14 துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் பரப்பினேன். எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பேன், தலைப்பை முதலில் யோசித்துவிட்டு அதற்குள் குறிப்புகளைத் திணிக்க மாட்டேன். அப்படிச் செய்தால் கடைசியில் இரண்டு மூன்று குறிப்புகள் அந்தரத்தில் நிற்கும், அவற்றுக்காக "மற்றவை" என்று ஒரு தலைப்பு முளைக்கும். "மற்றவை" என்ற பெயரில் வைத்ததை யாரும் நினைவுபடுத்திச் சொல்லி நான் பார்த்ததில்லை.

முதலில் நேரத்தை வைத்து அடுக்கினேன்: இன்றே செய்வது, இந்த மாதத்துக்குள் செய்வது, மருத்துவரிடம் கேட்டுச் செய்வது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வேலை செய்கிறவருக்கு உதவியும்கூட. ஆனால் "இன்றே" என்ற சீட்டுக் கட்டில் குளியலறை விரிப்பும் மெதுவாக எழுவதும் செருப்பும் சேர்ந்து கிடந்தன. ஒன்றைப் பார்த்தால் மற்றது ஞாபகத்துக்கு வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. செய்வதற்கு உதவுகிற பிரிவு வேறு, நினைவில் நிற்கிற பிரிவு வேறு. உங்கள் தேவை இரண்டாவது என்பதால் இதைக் கலைத்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதைச் செய்யும்போது பார்த்துக்கொள்கிறவரின் கண் எங்கே போகும்? விரிப்பு என்றால் கீழே தரைக்கு. செருப்பு என்றால் பெரியவரின் காலுக்கு. கண்ணாடி என்றால் முகத்துக்கு. ஐந்தாறு சீட்டுகளிலேயே ஒரு ஆள் நிற்கிற உருவம் கிடைத்துவிட்டது. கீழிருந்து மேலே: தரை, கால், தலை.

இந்த மூன்று சொற்களை நான் விரும்புவதற்குக் காரணம் அவை சின்னதாக இருப்பது மட்டுமல்ல. மூன்றும் ஒரே அளவுகோலில் வருகின்றன, மூன்றும் இடங்கள். உங்கள் பழைய பிரிவில் வீடு ஒரு இடம், உடல் ஒரு பொருள், பழக்கம் ஒரு செயல். அளவுகோல் நடுவில் மாறினால், ஒரு தலைப்பை நினைத்தவர் அடுத்ததற்குத் தாவ முடியாது. இங்கே அப்படியில்லை, தரையை நினைத்தவர் அதன்மேல் நிற்கிற காலுக்குப் போயே ஆக வேண்டும், காலை நினைத்தவர் மேலே ஏறித் தலைக்குப் போவார். வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, வரிசை அவர் உடம்பிலேயே இருக்கிறது. தவிர, பெரியவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று சொற்களும் கண்முன்னால் நிற்கும். வேறு எந்தத் தலைப்பும் இந்த வேலையைச் செய்யாது.

இப்போது உள்ளே என்ன விழுகிறது என்று பாருங்கள். தலையில் மூன்று: கண் பரிசோதனை, மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்வது, படுக்கையிலிருந்து மெதுவாக எழுவது. மெதுவாக எழுவதை நீங்கள் பழக்கத்தில் வைத்திருந்தீர்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதனால்தானே கொஞ்ச நேரம் விளிம்பில் உட்காரச் சொல்கிறோம். அப்படியானால் அது தலைக்குரியது. காரணத்தை வைத்து இடம் கொடுத்தால் குறிப்போடு காரணமும் சேர்ந்து நினைவில் நிற்கும். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை விஷயமும் அதே தலைசுற்றலுக்குத்தான் வருகிறது என்பதால் இவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

காலில் நான்கு: குதிகாலைப் பிடித்து நிற்கிற காலணி, கைத்தடியின் உயரம், நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருகிற பயிற்சி, பாதம் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. கைத்தடி கையில் பிடிப்பதுதானே என்று தோன்றலாம். கேட்கிறவர்கள் அதை மூன்றாவது காலாகத்தான் நினைப்பார்கள், சந்தேகமே வேண்டாம். இங்கே ஒரு நிமிடம் செயலிலேயே காட்டிவிடுங்கள்: காலணி போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, அந்த உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். ஒரு தலைப்புக்கு இப்படி ஒரு காட்சி போதும், அது மற்ற மூன்றையும் பிடித்துக்கொள்ளும்.

தரையில்தான் சிக்கல். ஆறு சீட்டுகள் அங்கே குவிந்துவிட்டன: சிறு விரிப்புகளை எடுப்பது, வயர்களை ஓரமாக ஒதுக்குவது, படி விளிம்பில் பளிச்சென்று தெரிகிற பட்டை, இரவு விளக்கு, குளியலறையில் வழுக்காத விரிப்பு, கைப்பிடிக் கம்பி. 14-ஐ மூன்றாகக் கட்டிவிட்டோம் என்று நாம் திருப்திப்படும்போது, உள்ளே ஆறு உருப்படியுள்ள ஒரு பட்டியல் அப்படியே உட்கார்ந்திருக்கும், பலர் தவறவிடுகிற இடம் இதுதான். கேட்கிறவருக்கு அது இன்னொரு நீளப் பட்டியல்தான். ஒரே மூச்சில் மனதில் வைத்திருக்கக்கூடியது சுமார் நான்கு கட்டுகள் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார், அதற்கு முன்பு பலரும் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்கைத் தாண்டினால் உள்ளேயும் ஒரு கட்டு போட வேண்டும்.

தரைக்கு நான் யோசித்த கட்டு ஒரு நடை. நடுராத்திரி பெரியவர் படுக்கையிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போகிறார். கண் விழித்ததும் முதலில் வேண்டியது வெளிச்சம், அது இரவு விளக்கு. இரண்டடி வைத்ததும் சின்ன விரிப்பின் நுனி காலில் மாட்டும். அதைத் தாண்டினால் சுவரோரம் வயர். நடுவில் ஒரு படி இருந்தால் அதன் விளிம்பு தெரிய வேண்டும், அங்கே பட்டை. கழிவறைக் கதவைத் திறந்ததும் ஈரத்தரை, அதனால் வழுக்காத விரிப்பு. எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும், அது கம்பி. ஆறு குறிப்புகள், ஆனால் கேட்டவர் தூக்கிச் செல்வது ஒரே ஒரு நடையைத்தான். பேசும்போது கண்ணை மூடச் சொல்லி, அவரவர் வீட்டின் வழியை மனதில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் குறிப்புகள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்துவிடும்.

விளக்கு எங்கே போக வேண்டும் என்று நானும் கொஞ்சம் யோசித்தேன். பார்வை சம்பந்தப்பட்டது, ஆகவே தலை என்றும் சொல்லலாம். இந்த மாதிரி இரண்டு வீட்டுக்கும் சொந்தமான குறிப்பு வந்தால், எது தர்க்கப்படி சரி என்று பார்க்காதீர்கள், கேட்டவர் அதை எங்கே தேடுவார் என்று பாருங்கள். விளக்கு வீட்டில் மாட்டுகிற பொருள், நடையின் முதல் அடி, அதனால் தரை. முடிவெடுத்த பிறகு அதைப் பற்றி ஒரு இடத்தில் மட்டும் பேசுங்கள். "இதைத் தலையிலும் சேர்க்கலாம்" என்று ஒரு வார்த்தை விட்டால் அந்த எல்லை குழம்பிவிடும்.

மூன்று, நான்கு, ஆறு என்று அளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். திருக்குறளின் முப்பாலைப் பாருங்கள், அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. சமமாக இல்லாததால் யாரும் முப்பாலை மறந்துவிடவில்லை. சமமாக்க வேண்டும் என்று ஒரு குறிப்பை ஒரு கட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால்தான் ஆபத்து, அது தன் இடத்தில் இல்லாத ஒன்றாகிவிடும், நினைவுக்கு வராது.

13 ஆயிற்று. கடைசிச் சீட்டு, "விழுந்துவிட்டால் என்ன செய்வது". இது எந்தக் கட்டிலும் சேராது, சேர்க்கவும் கூடாது. மற்ற 13-உம் விழாமல் தடுப்பது, இது விழுந்த பிறகு. தவிர இது வரிசை தவறாமல் செய்ய வேண்டிய படிகள் கொண்டது: உடனே இழுத்துத் தூக்கக் கூடாது, அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தலையில் அடி, கடுமையான வலி, காலை அசைக்க முடியாமை இருந்தால் அப்படியே வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், இப்படி. பதற்றத்தில் இருப்பவர் இதை நினைவிலிருந்து எடுக்க வேண்டிய நிலையில் விடக் கூடாது. மூன்றாகக் கட்டுவது நினைவில் வைக்க வேண்டியவற்றுக்குத்தான், வரிசையாகச் செய்ய வேண்டியதை எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் அச்சடித்து, போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பேச்சில் அதற்கு இரண்டு நிமிடம், மூன்று தலைப்பும் முடிந்த பிறகு, தனியாக. நான்காவது தலைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

இனி மேடையில் சொல்கிற விதம். இதில் நல்ல பேச்சாளர்களும் சறுக்குகிற ஒரு விஷயம் இருக்கிறது. எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஆரம்பத்தில் "தரை" என்று சொன்னவர் நடுவில் "வீட்டுச் சூழல்" என்பார், முடிவில் "சுற்றுப்புறப் பாதுகாப்பு" என்பார், ஸ்லைடில் வேறொன்று இருக்கும். பேசுகிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். கேட்கிறவருக்கு மூன்று தனிப் பெயர்கள், எதைச் சாவியாக வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஒரே சொல்லை, அதே வடிவத்தில், கூச்சமே இல்லாமல் திரும்பச் சொல்லுங்கள். ஸ்லைடிலும் அட்டையிலும் அதே சொல்தான் இருக்க வேண்டும்.

முதல் நிமிடத்தில் இப்படிச் சொல்லலாம்: "இன்று மூன்று இடங்களைப் பார்க்கப் போகிறோம். தரை, கால், தலை." சொல்லும்போது கையால் தரையைக் காட்டி, காலைத் தொட்டு, தலையைத் தொடுங்கள். எத்தனை குறிப்புகள் என்று சொல்லாதீர்கள், 14 என்ற எண்ணைக் கேட்டதுமே ஆள் குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார், நிமிர்ந்து உங்களைப் பார்க்க மாட்டார். தரையை முடித்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, "தரை முடிந்தது. இப்போது அதன்மேல் நிற்கிற கால்" என்று நகருங்கள். கால் முடிந்ததும் "தரை பார்த்தோம், கால் பார்த்தோம், மீதி தலை". எல்லாம் முடிந்ததும் நீங்கள் தொகுத்துச் சொல்லாதீர்கள், கேட்கிறவர்களைச் சொல்ல விடுங்கள். நீங்கள் தரையைக் கையால் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றால் போதும். தானாக எடுத்துச் சொன்னவருக்கு அது இன்னொரு முறை கேட்டவரைவிட நன்றாக நிற்கும்.

அந்தப் பாட்டி கதையைப் பற்றி. அவர் எப்படி விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் கதைதான் உங்கள் பேச்சிலேயே அதிகம் ஒட்டிக்கொண்டது, அதை வீணாக்க வேண்டாம். இப்போது அது எங்கோ நடுவில் தனியாக நிற்கிறது, எதையும் கட்டிப் பிடிக்காமல். யாரும் ஒரே காரணத்தால் விழுவது அரிது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாட்டி விழுந்த இரவில் தரையில் என்ன இருந்தது, காலில் என்ன போட்டிருந்தார், தூக்கக் கலக்கமா, தலைசுற்றலா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு இடமாவது கிடைக்கும். கதையின் முதல் பாதியை ஆரம்பத்தில் சொல்லி, அவர் விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் "பாட்டிக்கு இங்கே என்ன நடந்தது" என்று ஒரு வரி சேருங்கள். கதையை ஞாபகம் வைத்தவர் தலைப்புகளையும் சேர்த்தே எடுத்துப் போவார். கதையில் இல்லாததைக் கதைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம், உண்மையில் இரண்டு இடம்தான் என்றால் இரண்டே போதும்.

மூன்றுதான் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. விஷயம் இயல்பாக நான்காகப் பிரிந்தால் நான்கு. ஒரு குறிப்பைப் பலவந்தமாக எங்காவது திணிக்க வேண்டியிருக்கிறது என்றால், ஒன்று பிரிவு தவறு, இல்லை அந்தக் குறிப்பு இந்தப் பேச்சுக்கு உரியது அல்ல. உங்களுக்கு அது கடைசிச் சீட்டில் மட்டும் வந்தது, அதனால் தைரியமாக மூன்று என்கிறேன்.

அடுத்த மாதம் பேசி முடித்ததும் வாசலில் கேட்காதீர்கள், அப்போது எல்லாம் சூடாக இருக்கும். நான்கைந்து பேரிடம் அனுமதி கேட்டு போன் எண் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அழைத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: மூன்று இடங்கள் என்னென்ன? ஒவ்வொன்றிலும் என்ன ஞாபகம் இருக்கிறது? மூன்று பெயர்களே வராவிட்டால் நீங்கள் பெயரைப் போதுமான தடவை சொல்லவில்லை. பெயர் வந்து உள்ளே ஒன்றும் வராவிட்டால் அந்தக் கட்டுக்குள் இணைப்பு இல்லை, தரைக்கு நடை இருக்கிற மாதிரி அதற்கும் ஒன்று யோசிக்க வேண்டும், எனக்கு இதில் தலைமேல்தான் கொஞ்சம் சந்தேகம். செருப்பைத் தரையில் சொல்கிறார்கள், விளக்கைத் தலையில் சொல்கிறார்கள் என்றால் எல்லை குழம்பியிருக்கிறது, ஆனால் குறிப்பு நினைவில் இருக்கிறது, அதை அடுத்த முறை அவர்கள் சொல்கிற இடத்துக்கே மாற்றிவிடுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பினால், நான் மறுபடி சீட்டுகளைப் பரப்பிப் பார்க்கிறேன்.